அப்பா வீட்டுக் கம்பியும் என் எக்ஸெல் ஷீட்டும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சொல்லிடலாம், ஆனா இந்தத் தடவை நிஜமாவே வேற ஆணி. கும்பகோணம் பக்கத்துல எங்க வீட்டுக்கு மேல அப்பா மாடி எடுக்கிறார். ரிடையர் ஆன காசு. அதுல அவர் எடுத்த முதல் முடிவு, கம்பியை நாமளே வாங்கிக் கொடுத்துடறது, காண்ட்ராக்டருக்கு கூலி மட்டும். ரெண்டாவது முடிவு, "சிவில் படிச்சவன் வீட்டுல இருக்கான், கம்பிக் கணக்கை அவன் போடுவான்".

சிவில் படிச்சேன்தான். படிச்சு முடிச்ச கையோட கேம்பஸ்ல பொட்டி தட்டுற கம்பெனி அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் நான் வளைச்சதெல்லாம் மேனேஜருக்கு முதுகு மட்டும்தான். ஆனா அப்பாகிட்ட இதையெல்லாம் சொல்ல முடியுமா? "சரிப்பா, அனுப்பறேன்"னு சொல்லிட்டேன்.

தெரியாதவங்களுக்கு: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கொடுக்கிற டிராயிங்ல பீமோட அளவு, அதுல எத்தனை கம்பி, எத்தனை மில்லி, எவ்ளோ இடைவெளின்னு இருக்கும். கம்பியை எவ்ளோ நீளத்துக்கு வெட்டணும்னு இருக்காது. அதைக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நம்பர், ஒரு சின்னப் படம், வெட்டற நீளம், எண்ணிக்கைன்னு போடற பட்டியல்தான் பார் பெண்டிங் ஷெட்யூல். சைட்ல சுருக்கமா "லிஸ்ட்". டிராயிங்குக்கும் வெட்டுற மெஷினுக்கும் நடுவுல இருக்கிற கம்பைலர்னு வச்சுக்கோங்களேன். இதுல ஒரு பக் இருந்தா எர்ரர் மெசேஜ் வராது, அதான் வித்தியாசம்.

முழு வீட்டுக்கும் சொன்னா நீங்க ஓடிடுவீங்க. ஒரே ஒரு பீமை மட்டும் எடுத்துக்குவோம். ரூஃப் பீம். அகலம் 230 மில்லி, ஆழம் 450. நாலு பில்லர் மேல வீட்டோட நீளத்துக்கு ஓடுது. ஒவ்வொரு பில்லரும் பீம் போற திசையில 380 மில்லி, பில்லருக்குப் பில்லர் நடுவுல இருக்கிற திறப்பு 3,900. ஆக வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் 13,220 மில்லி. இதே மாதிரி வடக்குப் பக்கம் ஒண்ணு, தெற்குப் பக்கம் ஒண்ணு. மேல்கம்பி ரெண்டு, 12 மில்லி. ரிங் 8 மில்லி, 100 மில்லிக்கு ஒண்ணு. அடிக்கம்பியும் இருக்கு, அதுக்குக் கடைசியில வரேன்.

முதல்ல ரிங். டிராயிங்ல கவர் 25 மில்லின்னு போட்டிருந்தது. ஐ.எஸ். 456-ன்படி அந்த கவரை ரிங்கோட வெளிப்பக்கத்துல இருந்துதான் அளக்கணும், உள்ள இருக்கிற பெரிய கம்பில இருந்து இல்ல. அப்ப ரிங்கோட வெளி அளவு அகலத்துல 230-ல 50 போக 180, ஆழத்துல 450-ல 50 போக 400. சுத்தளவு 1,160 மில்லி. இது வரைக்கும் யாருக்கும் சண்டை இல்ல.

அடுத்து கொக்கி. ரிங்கோட ரெண்டு முனையும் ஒரு மூலையில சந்திக்கும். அங்க ரெண்டையும் 135 டிகிரி மடக்கி, பீமோட வயித்துக்குள்ள பார்க்கிற மாதிரி விடணும். சும்மா 90 டிகிரி மடக்கினா வால் கவர் கான்கிரீட்லயே படுத்திருக்கும். பூகம்பம் மாதிரி ஏதாவது வந்து கவர் உதிர்ந்தா, ரிங் வாயைப் பிளந்துடும். 135 டிகிரி கொக்கி உள்ள இருக்கிற கான்கிரீட்டைப் பிடிச்சுக்கும். அதுக்கு வளைவு முடிஞ்ச பிறகு நேரா ஒரு வால் நீளம் வேணும். ஐ.எஸ். 456 குறைஞ்சது கம்பி விட்டத்தைப் போல 6 மடங்கு கேக்குது, 8 மில்லிக்கு 48. எங்க டிராயிங்ல 75 மில்லின்னு தனியாவே குறிப்பு இருந்தது.

நான் என்ன பண்ணினேன்? நெட்ல தேடினேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அச்சு அசல் ஒரே சூத்திரம். சுத்தளவு போடு, கொக்கிக்கு ஒவ்வொண்ணும் 10 விட்டம் கூட்டு, 90 டிகிரி வளைவுக்கு 2 விட்டம் கழி, 135 டிகிரி வளைவுக்கு 3 விட்டம் கழி. 1,160 கூட்டல் 160. மூணு மூலைக்கு 48 கழிச்சு, ரெண்டு கொக்கிக்கு 48 கழிச்சா 1,224. எக்ஸெல்ல தட்டி, கலர் எல்லாம் அடிச்சு, பி.டி.எஃப். ஆக்கி அப்பாவுக்கு வாட்ஸப் பண்ணிட்டேன். ஹீரோ மாதிரி ஒரு ஃபீலிங்.

அடுத்த நாள் மீட்டிங்ல இருக்கும்போது கம்பி மேஸ்திரிகிட்ட இருந்து ஃபோன். அறுபதை நெருங்கறவர், என் அப்பாவோட வயசு இருக்கும். ஆனாலும் ஊரே அவரை அண்ணேன்னுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"தம்பி, லிஸ்ட்ல ரிங்குக்கு ஆயிரத்து இருநூத்தி இருபத்தி நாலுன்னு போட்டிருக்கீங்க. நாலு கம்பி வெட்டிட்டேன். ஒண்ணு வளைச்சுப் பார்த்தா கொக்கி குட்டையா இருக்கே?"

"எவ்ளோ வருதுண்ணே?"

"வளைவுக்கு அப்புறம் நாப்பதைத் தொடல. ஷீட்டுல எழுபத்தஞ்சுன்னுல்ல எழுதியிருக்கு. நாங்க சுத்தளவு போட்டு ரெண்டு கொக்கி வாலைக் கூட்டுவோம், அவ்ளோதான் கணக்கு. நீங்க ஏதோ கழிச்சிருக்கீங்க போல."

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. வளைவுக்குக் கழிக்கணும்னு கூடத் தெரியலையே இவருக்குன்னு நினைச்சேன். (இந்த வரியை எழுதவே கூச்சமா இருக்கு.) "ஒரு மணி நேரம் டைம் கொடுங்கண்ணே, வெட்டாம வைங்க"ன்னு சொல்லிட்டு, மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு, பேப்பரை எடுத்தேன்.

கம்பியை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். நடுக்கோட்டோட நீளம் மட்டும்தான் மாறாது. வெட்டற நீளம்னா அந்த நடுக்கோட்டு நீளம். எட்டு மில்லி கம்பியை அதோட விட்டத்தைப் போல நாலு மடங்கு பருமனான முளையைச் சுத்தி வளைக்கிறோம்னு வைங்க. உள் ஆரம் 2 விட்டம், நடுக்கோட்டு ஆரம் 2.5, வெளி ஆரம் 3. தொண்ணூறு டிகிரி மூலையில வெளி அளவு எடுக்கும்போது, இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3, மொத்தம் 6 விட்டம் கணக்குல சேர்ந்திருக்கு. ஆனா கம்பி மூலைக்குப் போகாம குறுக்கு வழியில வளைஞ்சு போகுது. அந்த வளைவோட நீளம் 2.5-ஐ 1.57-ஆல பெருக்கினா 3.93 விட்டம். வித்தியாசம் 2.07. ஓகே, "90-க்கு 2 கழி"ங்கிறது சரியாத்தான் இருக்கு. முளை மெலிசா இருந்தா இன்னும் கொஞ்சம் குறையும், பெரிய சேதம் இல்ல.

இப்ப கொக்கி மூலை. இங்க ஒரு முனையை மட்டும் பாருங்க. சுத்தளவுல அந்தப் பக்கத்துக் கை, மூலை வரைக்கும் கணக்குல வந்தாச்சு. நிஜத்துல மூலைக்கு 3 விட்டம் முன்னாடியே வளைவு ஆரம்பிச்சுடுது. அதனால 3 விட்டம் கழியும். ஆனா 135 டிகிரி வளைவுக்கே 5.89 விட்டம் கம்பி செலவாகுது. நிகரமா 2.89, அதாவது ஏறத்தாழ 3 விட்டம் கூடுது. அதுக்கு அப்புறம்தான் நேர் வால்.

நெட்டுல இருந்த சூத்திரம் அதே 3 விட்டத்தைக் கழிக்குது! எண் சரி, குறி தப்பு. அந்த 10 விட்டம் கொக்கியை எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்கணும்னு எந்தப் பக்கத்துலயும் சொல்லலை. வளைவையும் சேர்த்தா, வளைவு முடிஞ்ச பிறகா? அது தெரியாம 3 கழிக்கிறதுக்கு அர்த்தமே இல்ல. ரெண்டு மாட்யூல் எழுதினவங்க யூனிட் என்னன்னு பேசிக்காத கதைதான்.

இப்ப முழுசா கூட்டிப் பாருங்க. மூணு மூலைக்கு 2 விட்டம் வீதம் கழிச்சா, கழியறது 6 விட்டம். ரெண்டு கொக்கிக்கு 3 விட்டம் வீதம் கூட்டினா, கூடறது 6 விட்டம். ரெண்டும் அடிபட்டுப் போச்சு. மிச்சம் என்ன? சுத்தளவு கூட்டல் ரெண்டு வால். 1,160 கூட்டல் 150, ஆக 1,310 மில்லி. தசமம் எல்லாம் வச்சு நுணுக்கமா போட்டா 1,306 வருது.

மேஸ்திரி சொன்ன கணக்கு, வரிக்கு வரி!

என் லிஸ்ட்படி வெட்டியிருந்தா 86 மில்லி குறைச்சல். கொக்கிக்கு 43 குறைச்சல். 75 மில்லி இருக்க வேண்டிய வால் 32-தான் இருந்திருக்கும். டிராயிங்கை விடுங்க, ஐ.எஸ். 456 கேக்கிற 48-க்கே பத்தலை. கான்கிரீட் போட்ட பிறகு வெளியில இருந்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் அந்த பீமுக்கு அடியிலதான் தூங்குவாங்க.

எக்ஸெல்ல மாத்தினது இவ்ளோதான். வரிசையா அகலம், ஆழம், கவர், வால்:

```
=2*((A2-2*C2)+(B2-2*C2))+2*D2
```

ஒரு எச்சரிக்கை. நாலு மூலை, ரெண்டு 135 கொக்கி இருக்கிற சாதாரண ரிங்குக்குத்தான் இப்படி அழகா அடிபடும். குறுக்குக் கொக்கி (ரெண்டு பக்கமும் கொக்கி போட்ட ஒத்தைக் கம்பி), முக்கோண ரிங் எல்லாத்துக்கும் தனித்தனியா போடணும். சந்தேகம் இருந்தா மேஸ்திரி பண்ணினதுதான் வழி. நூறு வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு வளைச்சு, வெளி அளவையும் வாலையும் டேப் வச்சுப் பாருங்க.

அப்பாகிட்ட சொன்னப்ப அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ கம்பி ஜாஸ்தி ஆகும்?" நியாயமான கேள்வி, காசு அவருது. எண்ணிக்கை போட்டேன். ஒரு திறப்பு 3,900. ரெண்டு பக்கமும் பில்லர் முகத்துல இருந்து 50 மில்லி தள்ளி முதல் ரிங். மிச்சம் 3,800, 100-ஆல வகுத்தா 38, ஆனா ரிங் 39. (இடைவெளியை எண்ணி ஒண்ணு கூட்ட மறக்கிறது சிவில்காரங்களுக்கும் உண்டு, நமக்கு மட்டும் இல்ல.) மூணு திறப்பு, ரெண்டு பீம், மொத்தம் 234.

கம்பி 12 மீட்டர் நீளத்துல வருது. 1,224-ஆல வெட்டினா ஒரு கம்பில 9 ரிங், 984 மில்லி துண்டு மிச்சம். 1,310-ஆல வெட்டினாலும் 9 ரிங்தான், 210 மில்லி துண்டு மிச்சம்! ரெண்டுக்கும் 26 கம்பி. ஒரு கம்பி கூட ஜாஸ்தி வாங்க வேண்டாம். குறைஞ்ச கொக்கியால நான் அப்பாவுக்கு மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருக்கக்கூடியது, பழைய இரும்புக்காரருக்குப் போடற துண்டு மட்டும்தான்.

ஏற்கனவே வெட்டின நாலு கம்பி, 36 துண்டு? மாடிப்படி மேல வர ஹெட்ரூம் லிண்டல் 230-க்கு 150. அதுக்கு ரிங் 710 மில்லி போதும். அதுல தள்ளிட்டோம். கொஞ்சம் வேஸ்ட்தான், என் கணக்குல எழுதிக்கங்கன்னு சொல்லிட்டேன்.

அடுத்தது மேல்கம்பி. இதுல நான் கொஞ்சம் மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன்.

பீம் 13,220. ரெண்டு பக்கமும் பில்லரோட வெளி விளிம்புல 50 மில்லி விட்டா நேர்நீளம் 13,120. முனைகள்ல கீழ்நோக்கி 350 மில்லி மடக்கு, வெளி அளவு. ரெண்டு வளைவுக்கு 24 வீதம் கழிக்கணும். எப்படிப் பார்த்தாலும் 12 மீட்டருக்கு மேல, அதனால ஒட்டு போட்டே ஆகணும். ஒரு கம்பி முடியற இடத்துல இன்னொண்ணை பக்கத்துல படுக்க வச்சு, ரெண்டும் கொஞ்ச தூரம் சேர்ந்து போகணும். அதான் லேப்.

எவ்ளோ தூரம்? மேஸ்திரி "அம்பது டயா"ன்னார். இங்க நான் விடல. கம்பில இருக்கிற இழுவிசை கான்கிரீட் மூலமா அடுத்த கம்பிக்கு மாறணும். கம்பி வலுவா இருந்தா மாத்த வேண்டிய விசை ஜாஸ்தி, லேப் ஜாஸ்தி. கான்கிரீட் வலுவா இருந்தா பிடிமானம் ஜாஸ்தி, லேப் கம்மி. எம் 20 கான்கிரீட்டுல 415 கிரேடு கம்பிக்கு ஐ.எஸ். 456 கணக்குப்படி 47 விட்டம் வரும், அம்பது போதும். ஆனா நாம வாங்கினது 500 கிரேடு. அதுக்கு 57 விட்டம். 12 மில்லிக்கு 684. டிராயிங்லயும் ஒரு மூலையில பொடி எழுத்துல 57-னுதான் இருந்தது. அவர்கிட்ட ஃபோட்டோ அனுப்பினேன். "சரி தம்பி, ஷீட்டுல இருந்தா போட்டுடறேன்"னுட்டார். வாக்குவாதமே இல்ல. நான்தான் ரெண்டு பாரா பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன்.

எங்க ஒட்டறதுங்கிறது இன்னும் முக்கியம். மேல்கம்பிக்கு பில்லர் பக்கத்துலதான் வேலை அதிகம், திறப்போட நடுவுல கம்மி. அதனால மேல்கம்பியை நடுவுல ஒட்டலாம், பில்லர்கிட்ட கூடாது. ரெண்டு கம்பியையும் ஒரே இடத்துலயும் ஒட்டக்கூடாது.

என் முதல் லிஸ்ட்ல லேப் நடுத் திறப்புல இருந்தது. கம்பி சமமா ரெண்டாகும், பார்க்க அழகா இருக்கும்னு. துண்டு ஒவ்வொண்ணும் 7,228 மில்லி. ஒரு 12 மீட்டர் கம்பில ஒண்ணுதான் வெட்ட முடியும், 4.77 மீட்டர் வீண். ரெண்டு பீமுக்கு எட்டு துண்டு, எட்டு கம்பி. போதாததுக்கு ரெண்டு ஒட்டும் ஒரே இடத்துல.

மாத்தினேன். ஒரு கம்பிக்கு முதல் திறப்போட நடுவுல ஒட்டு. வெளி விளிம்புல இருந்து 380 கூட்டல் 1,950, அதாவது 2,330-ல லேப்போட மையம். அதுக்கு ரெண்டு பக்கமும் 342. சின்னத் துண்டு 50-ல இருந்து 2,672 வரைக்கும், 2,622. மடக்கு 350 கூட்டி, 24 கழிச்சா 2,948. பெரிய துண்டு 1,988-ல இருந்து 13,170 வரைக்கும், 11,182. அதே மாதிரி கூட்டிக் கழிச்சா 11,508. பன்னெண்டு மீட்டருக்குள்ள அடங்கிடுச்சு.

ரெண்டாவது கம்பி? அதே ரெண்டு துண்டு, திருப்பிப் போட்டா ஒட்டு மூணாவது திறப்புக்குப் போயிடும். லிஸ்ட்ல புது வரியே வேண்டாம், எண்ணிக்கை மட்டும் ரெட்டிப்பு. ரெண்டு பீமுக்கு பெரிய துண்டு நாலு, நாலு கம்பி. சின்னத் துண்டு நாலும் ஒரே கம்பில, 11,792. மொத்தம் அஞ்சு கம்பி. எட்டுக்கு அஞ்சு. மூணு கம்பின்னா 12 மில்லில 32 கிலோ. (விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162-ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், இது ஒண்ணுதான் காலேஜ்ல இருந்து மறக்காம இருக்கு.) நாலு கம்பியைக் கெடுத்தவனுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

லிஸ்ட்ல ஒரு விஷயம் சேர்த்தேன், முதல் தடவை விட்டிருந்தேன். துண்டோட நீளம் மட்டும் எழுதினா, கட்டறவர் எந்தப் பக்கமும் போடுவார், அவர் மேல தப்பில்ல. அதனால பக்கத்துல ஒரு கோட்டுப் படம், "ஒட்டு தெரு பக்கம்", "ஒட்டு கொல்லைப் பக்கம்"னு தமிழ்லயே எழுதினேன். கிரிட் ஏ, கிரிட் டி எல்லாம் டிராயிங்கோட நிக்கட்டும்.

அடிக்கம்பிக்கு இதே கணக்குதான், ஆனா இடம் தலைகீழ். நடுவுல வேலை அதிகம், அதனால நடுவுல ஒட்டக்கூடாது. பில்லருக்குள்ளயும் அதை ஒட்டியும்கூட கூடாதுன்னு எங்க டிராயிங்ல கோடு போட்டுக் காட்டியிருந்தது. நடுவுல கிடைக்கிற சந்துக்குள்ள 16 மில்லிக்கு 912 மில்லி லேப்பை அடக்கணும். அதை நான் தனியா முடிவு பண்ணல. டிராயிங் போட்ட இன்ஜினியருக்கு ஃபோன் போட்டு, இடத்தை மார்க் பண்ணி வாங்கிட்டுத்தான் வெட்டற நீளம் போட்டேன்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ரிங் எல்லாம் கோத்து, கொக்கி ஒரே மூலையில வராம மாத்தி மாத்திப் போட்டு வச்சிருந்தார் மேஸ்திரி. நான் டேப்பை எடுத்து ஒரு பத்துப் பதினஞ்சு கொக்கி அளந்தேன். எழுபத்தஞ்சு, எழுபத்தெட்டு, ஒண்ணு ரெண்டு எழுபத்தி மூணு. அவர் பீடியைப் பத்த வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"தம்பி, அந்தக் கழிக்கிற கணக்கை எதுல படிச்சீங்க?"

"நெட்லண்ணே."

"வளைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை கான்கிரீட். லீவு சொல்லியாச்சு, மேனேஜர் இன்னும் பதில் போடல. உங்க ஊர்ல கம்பி மேஸ்திரிங்க ரிங்குக்கு எப்படி நீளம் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, குறிப்பா வட்டப் பில்லருக்கு. அடுத்து கார் நிறுத்தற இடத்துல அப்பா ஒரு வட்டத் தூண் வேணும்னு ஆரம்பிச்சிருக்கார்.